இடப்பக்கமும் வலப்பக்கமும்

எங்கள் ராத்தாவின் கலியாணம் முடிந்து மூன்றாம் நாள், உதவி செய்த சொந்தக்காரர்களுக்கு நன்றி எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. உயர்தரத்தில் நான் தமிழ் ஒரு பாடமாகப் படிக்கிறேன் என்பதுதான் காரணம். "நீதானே கட்டுரை எழுதிற புள்ள, இதையும் எழுது" என்று சொல்லி உம்மா ஒரு கொப்பியைக் கையில் தந்தார். அதைப் படித்துப் பார்த்தபோதுதான், நான் இதுவரை எழுதிய எந்தக் கட்டுரையையும் விட இது கடினமான எழுத்து என்று விளங்கியது.

கலியாணம் எப்படி நடந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். வாப்பா ஒரு மேசன். போன வருடம் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். நாளைத் தள்ளிப் போடலாம் என்றார்கள். ஆனால் தள்ளிப் போட்டால் நிலைமை மாறிவிடும் என்பதற்கு எங்களிடம் எந்த உறுதியும் இல்லை. எனவே எளிமையாக நடத்துவது என்று தீர்மானமானது. மண்டபம் இல்லை, அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ், மஃரிபுக்குப் பிறகு வீட்டு வளவில் சாப்பாடு. ஒரு சஹனுக்கு ஆறு பேர் வீதம் இருபது சஹன், 120 பேர். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவையும் எங்கள் வீட்டால் மட்டும் செய்திருக்க முடியாது. உம்மாவின் கொப்பி அதைத்தான் சொன்னது.

அது சாதாரண 40 பக்கக் கொப்பி. இடப்பக்கத்தில் பணம் தந்தவர்களின் பெயரும் தொகையும். இப்படி எழுதி வைப்பது எங்கள் ஊரில் பல வீடுகளில் உள்ள வழக்கம். நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் வரும்போது, நாம் எந்த அளவுக்கு நிற்க வேண்டும் என்று அறிவதற்காக. ஆனால் உம்மா வலப்பக்கத்தையும் வெறுமையாக விடவில்லை. அதில் வேலைகளை எழுதியிருந்தார்.

"பெரியும்மா, 10 கிலோ வெங்காயம் உரித்தது, இரவு 9 முதல் 12 வரை. சின்ன மாமா, லேண்ட் மாஸ்டரில் கதிரை ஏற்றி வந்தது, திரும்பக் கொண்டு போய்க் கொடுத்தது. சாச்சா, சுபஹிலிருந்து அடுப்படியில். மச்சான், கிடாரம் இரண்டும் கழுவியது."

இப்படி ஒரு பக்கம் முழுவதும் இருந்தது.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு விடயம் கண்ணில் பட்டது. இடப்பக்கத்தில் கடைசி வரியில் இருந்த பெயர் வலப்பக்கத்தில் முதல் வரியில் இருந்தது. அது வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி. மாமா மௌத்தாகி ஆறு வருடம். தைத்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவர் தந்த காசு சிறியது. ஆனால் ராத்தாவின் கலியாண உடுப்பு முழுவதையும் நான்கு இரவு விழித்துத் தைத்தவர் அவர்தான். தையல் கூலி என்று ஒரு சதம் வாங்கவில்லை. இடப்பக்கத்தை மட்டும் வைத்து நான் நன்றி எழுதினால் மாமி கடைசி ஆள். வலப்பக்கத்தை மட்டும் வைத்து எழுதினால் முதல் ஆள். (மாமியிடம் கேட்டு, அவர் சிரித்துக்கொண்டு சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.)

கலியாணம் முடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வழக்கமாக ஒரு நன்றி வரும். "எமது இல்லத் திருமணத்திற்கு வருகை தந்து சிறப்பித்த, சகல வழிகளிலும் ஒத்துழைப்பு நல்கிய அனைத்து உள்ளங்களுக்கும் மனமார்ந்த நன்றிகள்." இந்த வசனத்தில் பிழை இல்லை. ஆனால் இதை யாருடைய கலியாணத்துக்கும் அனுப்பலாம். மூன்று மணித்தியாலம் கண்ணீர் வடிய வெங்காயம் உரித்த பெரியும்மா, இந்த "சகல வழிகளிலும்" என்பதற்குள் எங்கே இருக்கிறார் என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியாது.

எனவே பெயரும் வேலையும் சொல்லி எழுத வேண்டும் என்று நினைத்தேன். அப்போது உம்மா ஒரு கேள்வி கேட்டார். "வேலை செஞ்சவங்கட பேரப் போட்டா, காசு தந்தவங்கட பேரையும் போடுவியா?"

இதற்கு விடை தேட எனக்கு ஒரு நாள் சென்றது. தொகையைப் போட முடியாது என்பது உடனே தெரிந்தது. ஒருவருடைய தொகையை நாலு பேர் பார்க்க எழுதினால், அதை விடக் குறைவாகத் தந்த எல்லோரையும் தலை குனிய வைத்ததாகிவிடும். இல்லாதவர் தந்த சிறு தொகை அவருக்குப் பெரியது என்பதை எந்த இலக்கமும் காட்டாது. இந்தக் கட்டுரையிலும் அதனால்தான் ஒரு தொகையையும் நான் எழுதவில்லை. சரி, தொகை இல்லாமல் பெயரை மட்டும் போடலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சொந்தக்காரர் ஒருவர் உம்மாவின் கையில் கவரைத் தந்து, "இது எனக்கும் உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சொல்லியிருந்தார். பணம் தந்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அவரை அதில் சேர்த்தால் வாக்கு மீறியதாகும். சேர்க்காமல் விட்டால், அவர் ஒன்றும் தரவில்லை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். மறைவாகத் தந்தவர் வெளியில் ஒன்றும் தராதவராகத் தெரிவது எவ்வளவு பெரிய அநியாயம்!

கடைசியில் கிடைத்த விடை எளிமையானது. வேலை எல்லோரும் பார்க்க நடந்தது. பணம் மூடிய கையால் தரப்பட்டது. நன்றியும் அப்படியே போகட்டும். வேலைக்குப் பெயர் சொல்லிக் குழுவில் நன்றி. பணத்துக்குக் குழுவில் பெயரில்லாத ஒரு வரி; பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு செய்தி.

பெயர் சொல்வதில் இன்னொரு பயம் இருக்கிறது. ஒரு பெயர் விடுபட்டால், பெயரே சொல்லாமல் விட்டதை விட மோசம். பெயர்களை நினைவிலிருந்து எழுதினால், பெரியவர்களும் அதிகம் பேசுபவர்களும்தான் முதலில் வருவார்கள். எனவே நான் ஆட்களை நினைக்கவில்லை. முதல் நாள் இரவிலிருந்து அடுத்த நாள் இரவு வரை நடந்த வேலைகளை மணி வாரியாக எழுதினேன். வளவு கூட்டியது யார்? தண்ணீர் நிரப்பியது யார்? இறைச்சி வெட்டியது யார்? சஹன் கொண்டு வந்து வைத்தது யார்? சாப்பிட்ட பிறகு கை கழுவத் தண்ணீர் ஊற்றியது யார்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெயர் வர வேண்டும். இப்படிக் கேட்டபோது, உம்மாவின் கொப்பியிலேயே இல்லாத நான்கு பேர் வந்தார்கள். பத்து, பதினொரு வயதுப் பையன்கள். கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள்தான். சின்னவர்கள் என்பதால் யாருக்கும் அவர்கள் நினைவில் வரவில்லை.

வேலை நடந்த ஒழுங்கில் எழுதியதில் இன்னொரு நன்மையும் இருந்தது. யாரை முதலில் போடுவது என்ற கேள்வியே எழவில்லை. முதல் வேலை செய்தவர் முதலில், கடைசி வேலை செய்தவர் கடைசியில். வயதுக்கோ வசதிக்கோ அதில் இடமில்லை. எழுதி முடித்ததும் உம்மா, ராத்தா, பெரியும்மா மூவரிடமும் காட்டி, விடுபட்டவர் உண்டா என்று கேட்டேன். குழுவுக்குப் போன செய்தி இதுதான்:

"அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், எங்கள் ராத்தாவின் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. முதல் நாள் இரவு வெங்காயம் உரித்துத் தந்த பெரியும்மாவும் மச்சிமாரும், மூன்று வீட்டு அடுப்பில் வட்டிலப்பம் அவித்த சாச்சிமார், வளவு கூட்டி லைட் கட்டிய காக்காமார், கதிரை கொண்டு வந்து திரும்பவும் கொண்டு போன சின்ன மாமா, சுபஹிலிருந்து அடுப்பை விட்டு விலகாத சாச்சா, வாளியில் தண்ணீர் சுமந்த எங்கள் நான்கு தம்பிமார், ஒரு சஹனும் பிந்தாமல் பரிமாறியவர்கள், எல்லோரும் போன பிறகு கிடாரம் கழுவிய மச்சான், நான்கு இரவு விழித்து மணப்பெண்ணின் உடுப்பைத் தைத்த மாமி, நீங்கள் எல்லோரும் சேர்ந்து நடத்திய கலியாணம் இது. கையால் தந்தவர்களையும், வர முடியாமல் துஆச் செய்தவர்களையும் அல்லாஹ் அறிவான். நாங்களும் மறக்க மாட்டோம். ஜஸாக்குமுல்லாஹு ஹைரா."

கடைசிச் சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நாம் பழக்கத்தில் எல்லோருக்கும் "ஜஸாக்கல்லாஹ்" என்றே எழுதிவிடுகிறோம். "அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்" என்ற இந்த துஆவில், "உங்களுக்கு" என்பது நடுவில் வரும் எழுத்தில்தான் இருக்கிறது. ஓர் ஆணுக்கு ஜஸாக்கல்லாஹு, ஒரு பெண்ணுக்கு ஜஸாக்கில்லாஹு, பலருக்கு ஜஸாக்குமுல்லாஹு. மாமிக்கு அனுப்பும்போது "கி" என்று மாற்றுவதற்கு ஒரு விநாடி கூடச் செல்லாது. ஆனால் அந்த ஒரு எழுத்தில்தான் இந்த துஆ மாமிக்கென்றே எழுதப்பட்டது என்பது தெரிகிறது.

குழுவில் போடக்கூடாத நன்றிகளும் இருந்தன. ராத்தாவின் ஒரு தோள் மற்றதை விடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். உடுப்பு அளவெடுக்கும்போது மாமி அதைக் கண்டுவிட்டார். ராத்தாவிடம் ஒன்றும் கேட்காமல், அந்தப் பக்கம் மட்டும் உள்ளே துணி மடித்து வைத்துத் தைத்திருந்தார். உடுத்திப் பார்த்த பிறகுதான் ராத்தாவுக்கே தெரிந்தது. மாமிக்குத் தனியாக எழுதிய செய்தியில் நான் அதைத்தான் எழுதினேன். "நீங்கள் தைத்த உடுப்பில் ராத்தா முதல் தடவையாகக் கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்றா. நீங்கள் கேட்காமலே செய்ததை நாங்கள் கண்டோம்." உடுப்பு அழகாக இருந்தது என்று நூறு பேர் மாமிக்குச் சொல்லியிருப்பார்கள். இதை எங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

கடனாகத் தந்தவர் ஒருவரும் உண்டு. பணத்தை வாங்கும்போதே உம்மா கூச்சப்படாமல் கேட்டிருந்தார், "இது அன்பளிப்பா, கடனா?" என்று. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், தந்தவர் கடன் என்று காத்திருப்பார், வாங்கியவர் அன்பளிப்பு என்று நன்றி சொல்லிவிட்டு இருப்பார். இரண்டு வருடம் கழித்து இரு வீட்டுக்கும் இடையில் பேச்சு நின்றுவிடும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆனில் ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் சொல்கிறது. எனவே அவருக்கு இரண்டு தாள் போனது. ஒன்றில் நன்றி மட்டும். மற்றதில் தொகை, வாங்கிய திகதி, மாதா மாதம் திருப்பித் தரும் அளவு, வாப்பாவின் கையொப்பம், சாட்சிகள். இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டாம் என்று வாப்பாதான் சொன்னார். நன்றிக்குக் கீழே கணக்கு எழுதினால் நன்றி ஒரு தவணை போலாகிவிடும். கணக்குக்கு மேலே நன்றி எழுதினால் கணக்கைத் தளர்த்தச் சொல்வது போலாகிவிடும்.

வாப்பாவைப் பற்றியும் எழுத வேண்டும். அவரும் அதற்குச் சம்மதித்தார். கலியாணம் முடிந்த பிறகு வாப்பா முன்வாசலில் இருப்பதைக் குறைத்துக்கொண்டார். போகிற வருகிற சொந்தக்காரர்களின் முகத்தைப் பார்ப்பது அவருக்குச் சிரமமாக இருந்தது. ஊரெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவர், தன் மகளின் கலியாணத்துக்கு மற்றவர்களின் கையைப் பார்க்க வேண்டி வந்ததே என்ற நினைப்பு. குழுவுக்குப் போகும் செய்தியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "எமது இயலாமையைப் பொறுத்துக்கொண்டமைக்கு."

நான் அதைச் சேர்க்கவில்லை. அவரிடம் போய், ஏன் சேர்க்கவில்லை என்று சொன்னேன். "வாப்பா, அது நன்றி இல்ல, மன்னிப்பு. நாம ஒரு குற்றமும் செய்யல்லியே. இத வாசிச்சா அவங்களுக்குச் சந்தோசம் வராது; நம்மளப் பாத்து இரக்கம்தான் வரும். சாச்சா புரியாணி ஆக்கினது இரக்கத்திலயா? அவருக்கு ராத்தா மகள்தானே."

வாப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு செய்தியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "நீங்கள் எல்லோரும் சேர்ந்து நடத்திய கலியாணம்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அது சரி" என்றார். அன்று மஃரிபுக்குப் பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு சாச்சா வீட்டுக்கு நடந்து போனார். எழுத்தில் சொல்ல முடியாத நன்றியை அவர் நடந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வரும்போது சாச்சாவும் கூட வந்தார். இருவரும் முன்வாசலில் இருந்து தேநீர் குடித்தார்கள்.

கடைசியாக எழுதியது குவைத்தில் இருக்கும் சின்னச் சாச்சிக்கு. அவர் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். லீவு கிடைக்கவில்லை. அவர் அனுப்பிய காசில்தான் ராத்தாவுக்கு அல்மாரி வாங்கினோம். ஊரில் உள்ளவர்கள் தங்கள் உதவி என்னவானது என்பதைக் கண்ணால் கண்டார்கள், உண்டார்கள். சாச்சி காணவில்லை. தூரத்திலிருந்து தருபவருக்கு "காசு கிடைத்தது, நன்றி" என்று எழுதினால் அது ஒரு ரசீதுதான். தந்த காசு என்ன பொருளாக மாறியது, அது இப்போது எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்பதை அவருக்குக் காட்ட வேண்டும்.

சாச்சிக்கு வாசிப்பதை விடக் கேட்பதுதான் இலகு. எனவே எழுதவில்லை, ராத்தாவே குரல் பதிவு செய்தார். "சாச்சி, நீங்க வாங்கித் தந்த அல்மாரிக்கு முன்னாலதான் நிக்கிறன். இப்பத் தொறக்கிறன். மேல்தட்டில கலியாண உடுப்பு மடிச்சி வெச்சிருக்கன். நடுத்தட்டில அவருட சட்டை. கீழ்த்தட்டு வெறும். நீங்க வாறப்போ உங்கட சாமான் வைக்கிறதுக்கு." கதவு திறக்கும் சத்தமும் பதிவில் விழுந்திருந்தது. கூடவே ஒரு படமும் அனுப்பினோம்.

அங்கே வேலை முடிந்து சாச்சியின் கைக்குத் தொலைபேசி வர இரவு பதினொரு மணி தாண்டும். நமக்கு அப்போது பின்னிரவு. அதிகாலையில் பார்த்தபோது பதில் வந்திருந்தது. முதலில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சாச்சி சொன்னார்: "கதவுச் சத்தத்த மூணு தரம் கேட்டன் மகள். நானும் அங்கதான் நின்ட மாதிரி இரிக்கி."

கொப்பி இப்போது உம்மாவின் பெட்டியில் இருக்கிறது. இடப்பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு வருடங்கள் செல்லும். அதற்கு வாப்பாவின் கால் முழுதாகக் குணமாக வேண்டும், வேலை கிடைக்க வேண்டும். வலப்பக்கத்துக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு பெரியும்மாவின் மகனுக்குக் கலியாணம். உம்மா ஒரு புதிய பக்கம் திறந்து, நாம் செய்ய வேண்டியவற்றை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார். முதல் வரியில் என் பெயர். அதற்கு நேரே, வெங்காயம் 10 கிலோ.